1440-இல் துள்ளும் ஷாஃப்ட்: பேலன்ஸ் செய்தும் அடங்கவில்லை, கிரிட்டிக்கல் ஸ்பீடுதானா?

விசிறிக்காரன்

ஒரு மின்விசிறி அமைப்பைச் செய்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஷாஃப்ட் 25 மிமீ விட்டம், சாதாரண எஃகு. இரண்டு ப்ளம்மர் பிளாக், இடையே 800 மிமீ. நட்டநடுவில் 10 கிலோ இம்பெல்லர். ஒரு பக்கம் கப்ளிங், அதற்கப்புறம் 4 போல் மோட்டார். முழுச் சுமையில் 1440 ஆர்.பி.எம்.

1200 வரை எந்தத் தொந்தரவும் இல்லை. 1350-ஐத் தாண்டினால் நடுக்கம் ஏறத் தொடங்கும். 1440-இல் சட்டமே குலுங்குகிறது. ஷாஃப்டின் நடுப்பகுதி கண்ணுக்கே மங்கலாகத் தெரிகிறது. இம்பெல்லரைக் கழற்றி பேலன்சிங் மெஷினில் போட்டுப் பார்த்தோம், நல்ல பேலன்ஸில்தான் இருக்கிறது. அந்த இடத்திலேயே வைத்துத் திரும்பவும் பேலன்ஸ் செய்ய வந்தவர், ஒவ்வொரு முறையும் எடையை வேறு கோணத்தில் வைக்கச் சொல்கிறது என்று கருவியைத் திட்டிவிட்டுப் போனார்.

கிரிட்டிக்கல் ஸ்பீடு கணக்குப் போட்டேன், 1833 வந்தது. 1440-க்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கிறதே. அப்புறம் ஏன்?

மூன்றாமாண்டு

`N = 946/√δ` என்ற சூத்திரத்தில்தானே போட்டீர்கள்? δ என்பது இம்பெல்லர் எடையால் ஷாஃப்ட் நடுவில் எவ்வளவு தொய்கிறது என்பது, மிமீ கணக்கில். உங்கள் அளவுகளுக்கு 0.266 மிமீ வருகிறது, 1833 சரிதான்.

காரணமும் அதிலேயே இருக்கிறது. ஷாஃப்ட் தொய்ந்திருப்பதால் அதன் எடை அச்சை விட்டுக் கீழே இருக்கிறது. சுற்றும்போது அந்தத் தொய்வை மையவிலக்கு விசை இன்னும் வெளியே இழுக்கிறது. அதனால்தான் ஷாஃப்ட் வளைந்தபடியே சுழல்கிறது. முடிந்தால் இயந்திரத்தை நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்துங்கள். தொய்வே இருக்காது, பிரச்சினையும் போய்விடும்.

அச்சாணி

மூன்றாமாண்டு, சூத்திரம் சரி, காரணம் பாதிதான் சரி. நிமிர்த்தி வைத்தாலும் அதே வேகத்தில் அதே ஆட்டம் வரும். அந்தச் சூத்திரத்தில் தொய்வு வருவது வேறொரு காரணத்துக்காக. எடைக்கு எவ்வளவு தொய்கிறது என்று தெரிந்தால், ஷாஃப்டின் விறைப்புக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிடும். தராசில் நிறுத்துப் பார்ப்பதற்குப் பதில் தொய்வை அளக்கிறோம், அவ்வளவுதான். ஈர்ப்பு விசை சுழலை உண்டாக்கவில்லை. தொய்வு எப்போதும் கீழ்நோக்கியே நிற்கிறது, ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவதில்லை.

சுற்றுவது வேறொன்று. எந்த இம்பெல்லரிலும் நிறை மையம் ஷாஃப்டின் நடுக்கோட்டில் துல்லியமாக உட்காராது. கொஞ்சம் தள்ளியிருக்கும். அந்தத் தள்ளலை e என்போம், விறைப்பு k, நிறை m, சுற்றும் வேகம் ω, ஷாஃப்ட் வளைந்து வெளியே போன தூரம் r. அப்போது

`k·r = m·ω²·(r + e)`

இடப்பக்கம் ஷாஃப்ட் தன்னை நேராக்கிக்கொள்ள இழுக்கும் விசை. வலப்பக்கம் வெளியே தள்ளும் விசை. இதில் கவனிக்க வேண்டியது, r கூடக்கூட இரண்டு பக்கமும் கூடுகிறது. வழக்கமாக ஒரு ஸ்பிரிங் தள்ளுதலைச் சமாளிப்பது எப்படி? தள்ளும் விசை அப்படியே இருக்கும், ஸ்பிரிங் மட்டும் நீள நீள இறுகும், ஓரிடத்தில் இரண்டும் சமமாகிவிடும். இங்கே ஷாஃப்ட் ஒரு மில்லிமீட்டர் வெளியே போனால் தள்ளும் விசையும் கூடவே வளர்கிறது. வேகம் ஏறி `m·ω²` என்பது k-ஐத் தொட்டுவிட்டால், எவ்வளவு தூரம் வளைந்தாலும் ஷாஃப்டால் ஈடுகொடுக்க முடியாது. நிற்க ஒரு இடமே கிடையாது. அந்த வேகம்தான் கிரிட்டிக்கல் ஸ்பீடு.

அந்த வேகத்தில் தணிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்டத்தின் ஆரம் π மடங்கு e அளவு கூடும். e 0.05 மிமீ என்றால் சுற்றுக்கு 0.15 மிமீக்குச் சற்று மேல். விநாடிக்கு 24 சுற்று என்றால் ஒரே விநாடியில் மூன்றரை மிமீக்கு மேல் போய்விடும். மெதுவாக வளர்ந்து எச்சரிக்கை கொடுக்கிற சமாசாரம் இல்லை இது.

இனி விசிறிக்காரன் கேட்டது. உங்கள் 1833-இல் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. முதலாவது ஷாஃப்டின் சொந்த எடை. அது சுமார் 3 கிலோ, அதில் ஏறக்குறைய பாதி நடுவில் இருப்பதுபோல் கணக்கில் வரும். 10 என்பது 11.5 கிலோ ஆகிறது, வேகம் 1710-க்கு இறங்குகிறது. இரண்டாவது பெரியது. பேரிங்குகள் மலைமேல் உட்கார்ந்திருப்பதாக அந்தச் சூத்திரம் நினைத்துக்கொள்கிறது. உங்கள் ப்ளம்மர் பிளாக் எதன்மேல் இருக்கிறது?

விசிறிக்காரன்

சேனல் இரும்பில் வெல்டிங் செய்த சட்டம். கால்கள் 600 மிமீ உயரம். குறுக்கு இணைப்பு மேலே மட்டும்தான்.

பழைய டர்பைன்

எனக்கும் இதே அனுபவம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு டர்பைன், எண்ணெய்ப் பேரிங். வேகம் ஏறியதும் திடீரென்று துடிக்கத் தொடங்கும். அளந்து பார்த்தால் அதிர்வு சுற்று வேகத்தில் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் கீழே, 0.45 மடங்கு. எண்ணெயின் வெப்பநிலையை மாற்றினோம், கடைசியில் பேரிங்கையே வேறு வடிவத்துக்கு மாற்றினோம், அடங்கியது. உங்களுக்கும் பேரிங்கில்தான் கோளாறு. அதை மாற்றிப் பாருங்கள்.

அச்சாணி

ஐயா, உங்களுடையது எண்ணெய்ச் சுழல். எண்ணெய்ப் படலமே ஷாஃப்டைத் தள்ளிக்கொண்டு போகும், அது பாதி வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் வரும். கிரிட்டிக்கலைப்போல் இரண்டு மடங்கு வேகத்தைத் தாண்டினால் கிரிட்டிக்கலோடு ஒட்டிக்கொண்டு இன்னும் கொடுமையாகும். விசிறிக்காரனிடம் இருப்பது பந்து பேரிங், அதில் இந்தப் படலம் கிடையாது. அவருடைய ஆட்டம் சுற்று வேகத்திலேயே இருக்கிறதா என்று அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பேரிங்கை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது.

விசிறிக்காரன், மூன்று காரியம் செய்யுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, இம்பெல்லர் பக்கத்தில் ஷாஃப்டை ரப்பர் சுத்தியலால் கிடைமட்டமாகத் தட்டி எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று பாருங்கள். பிறகு மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். அப்புறம் இன்வெர்ட்டர் போட்டு 1500 வரை ஏற்றி, மின்சாரத்தை வெட்டி, தானாக நிற்கும்வரை அதிர்வையும் கோணத்தையும் பதிவு செய்யுங்கள். ஏற்றும்போது 1440 பக்கத்தில் தயங்கி நிற்க வேண்டாம். இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்கலம்

நிறுத்தி வைத்துத் தட்டினால் வரும் எண்ணும் ஓடும்போது வரும் கிரிட்டிக்கலும் ஒன்றாக இருக்குமா? சுற்றும் தட்டுக்கு ஜைராஸ்கோப் விளைவு இருக்கிறதே.

அச்சாணி

நல்ல கேள்வி. தட்டு சாய்ந்தால்தான் அந்த விளைவு வேலை செய்யும். நடுவில் இருக்கும் இம்பெல்லர் முதல் கிரிட்டிக்கலில் சாயாமல் அப்படியே வெளியே நகர்கிறது, அதனால் இவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இம்பெல்லர் பேரிங்குக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் இந்தத் தட்டிப் பார்க்கும் கணக்கை நம்பக் கூடாது.

விசிறிக்காரன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். கிடைமட்டமாகத் தட்டியதில் 24.3 ஹெர்ட்ஸ். மேலிருந்து தட்டியதில் 26. ஓட்டிப் பார்த்ததில் அதிர்வு சுற்று வேகத்தில்தான் இருக்கிறது, கிடைமட்டத்தில் 1460 பக்கத்தில் உச்சம். 1500-இலிருந்து இறங்கும்போது கோணம் நூறு டிகிரிக்கு மேல் மாறுகிறது. வேறொன்றும் கண்ணில் பட்டது: 730 பக்கத்தில் ஒரு சின்ன மேடு. அது என்ன?

அச்சாணி

730 இருக்கட்டும், முதலில் பெரியதைப் பார்ப்போம்.

24.3 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 1458. 26 என்றால் 1560. ஒரே ஷாஃப்ட், ஒரே எடை, ஆனால் இரண்டு திசைக்கு இரண்டு வேகம். வித்தியாசம் ஷாஃப்டில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஷாஃப்டின் விறைப்பு மிமீக்கு 368 நியூட்டன். கிடைமட்டத்தில் ஒவ்வொரு பேரிங் தாங்கியும் சுமார் 500 மட்டும்தான் கொடுக்கிறது, செங்குத்தில் 900-க்கு மேல். குறுக்கு இணைப்பு இல்லாத உயரமான கால்கள் பக்கவாட்டில் அசைகின்றன. ஷாஃப்டையும் சட்டத்தையும் வரிசையாகக் கோத்த ஸ்பிரிங்குகளாகப் பார்த்தால் மொத்த விறைப்பு 269-க்கு இறங்கிவிடுகிறது. 1833 என்று கணக்குப் போட்டது நிஜத்தில் 1460 ஆனது இப்படித்தான்.

இப்போது 1440-இல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட அமைப்பில் தணிப்பு மிகக் குறைவு, 2 சதவிகிதம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் e ஏறக்குறைய 20 மடங்காகப் பெருகுகிறது. 0.05 மிமீ தள்ளல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆரத்தில் சுழலாகிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது அதுதான்.

"நல்ல பேலன்ஸில்தான் இருக்கிறது" என்றீர்கள். விசிறிகளுக்கு வழக்கமாகக் கேட்கும் ஜி 6.3 தரத்தில் 1440-க்கு அனுமதிக்கப்படும் தள்ளலே 0.042 மிமீ. அதாவது சான்றிதழோடு வந்த இம்பெல்லரும் இங்கே முக்கால் மிமீ ஆடும். ஜி 2.5-க்குக் கொண்டுபோனாலும் 0.3 மிமீ ஆட்டம் மிச்சமிருக்கும்.

பேலன்ஸ் செய்ய வந்தவரைக் குறை சொல்ல வேண்டாம், கருவியையும்தான். கிரிட்டிக்கலுக்கு ரொம்பக் கீழே ஓடினால் கனமான பக்கமும் ஷாஃப்ட் வளைந்த பக்கமும் ஒன்றாக இருக்கும். கிரிட்டிக்கலில் இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி. ரொம்ப மேலே போனால் 180, அதாவது கனமான பக்கம் உள்ளே வந்துவிடும். இந்த 180 டிகிரி மாற்றத்தில் பெரும்பகுதி அந்த உச்சத்தின் இரு பக்கமும் உள்ள சின்ன இடைவெளிக்குள் நடந்துவிடுகிறது. உங்கள் மோட்டார் முழுச் சுமையில் 1440, சுமை குறைந்தால் 1490. இந்த 50 ஆர்.பி.எம்.மில் கோணம் ஏறக்குறைய 54-இலிருந்து 134 டிகிரிக்குப் போய்விடுகிறது. காற்றைக் கட்டுப்படுத்தும் டேம்பரைக் கொஞ்சம் திருப்பினாலே விடை மாறும். பேலன்ஸ் செய்வதானால் 1000-இல் வைத்துச் செய்யச் சொல்லுங்கள், கோணம் அங்கே அசையாது.

மூன்றாமாண்டு

கோணம் 180 ஆகிவிடும் என்றால், மேலே போனால் ஆட்டம் குறையும் அல்லவா? அப்படியானால் இன்வெர்ட்டரை வைத்து 2000-இல் ஓட்டிவிட்டால் என்ன?

அச்சாணி

ஆட்டம் குறையும், ஆமாம். கிரிட்டிக்கலைத் தாண்டிவிட்டால் இம்பெல்லர் தன் நிறை மையத்தைச் சுற்றியே சுழலப் பார்க்கும். வேகம் ஏற ஏற ஆரம் e-ஐ நோக்கி இறங்கிவிடும். இதை ஆரம்பத்தில் பெரிய ஆட்களே நம்பவில்லை. கிரிட்டிக்கலுக்கு மேல் எந்த ஷாஃப்டும் நிலையாக ஓடாது என்று ராங்கின் 1869-இல் எழுதினார். 1880-களின் கடைசியில் டி லவால் வேண்டுமென்றே மெல்லிய ஷாஃப்ட் போட்டு, கிரிட்டிக்கலைத் தாண்டி, நிமிடத்துக்கு 30,000 சுற்று அளவில் நீராவி டர்பைனை ஓட்டிக் காட்டிவிட்டார். ஏன் அப்படி என்பதற்குத் தெளிவான விளக்கம் பரவியது ஜெஃப்காட் 1919-இல் எழுதிய பிறகுதான்.

ஆனால் இவருக்கு அது ஆகாது. விசிறிக்கு மின்திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். 1440-ஐ 2000 ஆக்கினால் 2.7 மடங்கு திறன் வேண்டும், மோட்டார் தாங்காது. இம்பெல்லரின் தகடுகளும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டிருக்காது.

வெண்கலம்

தாண்டுவதும் சுலபம் இல்லை. எங்களிடம் ஒரு சோதனை மேடையில் சின்ன மோட்டார் போட்டிருந்தோம். வேகம் கிரிட்டிக்கல் பக்கம் வந்ததும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மின்னோட்டத்தைக் கூட்டினால் வேகம் ஏறாது, ஆட்டம்தான் கூடும். கொடுக்கிற திறன் முழுவதையும் அதிர்வே தின்றுவிடுகிறது. பெரிய மோட்டாராக மாற்றி ஒரே மூச்சில் ஏற்றியபோது, ஆட்டம் வளர நேரம் கிடைக்காமல் தாண்டிவிட்டது.

நட்டுபோல்ட்டு

ஒரு சந்தேகம். இந்த அளவுக்கு வளைந்து வளைந்து ஆடினால் ஷாஃப்ட் களைத்து உடைந்துவிடாதா? விசிறிக்காரன் ஷாஃப்டில் விரிசல் பார்த்தீர்களா?

அச்சாணி

வளைந்து வளைந்து ஆடவில்லை என்பதுதான் விஷயம். சிறுமிகள் தாண்டி விளையாடும் கயிறு சுற்றுவதைப்போல, வளைந்த நிலையிலேயே ஷாஃப்ட் சுற்றி வருகிறது. சுற்றும் வேகமும் சுழலும் வேகமும் ஒன்றாக இருப்பதால், வெளிப்பக்கம் இருக்கும் இழை எப்போதும் வெளிப்பக்கமே இருக்கும், இழுபட்டபடியே. வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் சுழலால் ஷாஃப்டுக்குள் மாறிமாறி வரும் தகைவு கிடையாது. இவருக்குக் கிடைமட்டமும் செங்குத்தும் வேறு என்பதால் கொஞ்சம் இருக்கும். ஆனால் பேரிங்கும் சட்டமும் வெல்டிங்கும் அப்படியில்லை. அவற்றின்மேல் சுமார் 250 நியூட்டன் விசை விநாடிக்கு 24 முறை திசை மாறுகிறது. இம்பெல்லர், ஷாஃப்ட் எல்லாம் சேர்த்தே 13 கிலோதான், அதன் எடையைப்போல் இரண்டு மடங்கு. முதலில் விரிசல் விடுவது காலடி வெல்டிங்காக இருக்கும், அங்கே பாருங்கள்.

இதே காரணத்தால்தான் எஃகின் உட்தணிப்பு இங்கே உதவுவதில்லை. இழை நீண்டு சுருங்கினால்தானே உராய்ந்து ஆற்றலைத் தின்னும். அதைவிட மோசம், கிரிட்டிக்கலுக்கு மேலே அந்த உராய்வே ஷாஃப்டைப் பிடித்துத் தள்ளிச் சுழலவிடும். தணிப்பு வேண்டுமென்றால் அசையாத பக்கத்தில், பேரிங் தாங்கியில், வர வேண்டும்.

உண்மையான ஆபத்து உரசல். ஷாஃப்ட் சீலில் தொட்டால், வளைந்த வெளிப்பக்கம் மட்டுமே திரும்பத் திரும்ப உரசும். அந்தப் பக்கம் சூடாகி நீளும், ஷாஃப்ட் இன்னும் அதே பக்கம் வளையும். கிரிட்டிக்கலுக்குக் கீழே ஓடும்போது கனமான பக்கமும் அதுவேதான், ஆகவே ஒவ்வொரு சுற்றும் நிலைமையை மோசமாக்கும். அதிர்வு நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள்.

விசிறிக்காரன்

காலடி வெல்டிங்கில் ஒரு இடத்தில் மெல்லிய கோடு இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் பார்த்திருக்க மாட்டேன். சரி, இனி என்ன செய்யலாம்? 40 மிமீ ஷாஃப்ட் போட்டுவிட்டால் தீர்ந்ததா? இம்பெல்லர் ஹப் 35 வரை துளையிட இடம் கொடுக்கும்.

அச்சாணி

40 போகாது, 35 போதும். ஆனால் ஷாஃப்டை மட்டும் மாற்றினால் ஏமாற்றம்தான். 35 மிமீ போட்டால் ஷாஃப்டின் விறைப்பு 3.8 மடங்கு ஆகும், மிமீக்கு 1415. ஆனால் சட்டம் அதே 500-இல் இருந்தால் கிரிட்டிக்கல் 2030 அளவுக்குத்தான் வரும். சட்டத்தை மட்டும் இறுக்கி 1000-க்குக் கொண்டுவந்து ஷாஃப்டை அப்படியே விட்டால் 1570. அது 1440-க்கு இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, தள்ளல் ஐந்து மடங்குக்கு மேல் பெருகும். இரண்டையும் செய்தால் 2400 தாண்டும். அப்போது e பாதியளவுதான் வெளியே தெரியும்.

கால்களுக்குப் பக்கவாட்டில் மூலைவிட்டமாக இரும்பு வையுங்கள். ஷாஃப்ட் நடுவில் 35 வைத்து, பேரிங் இடத்தில் 30-க்குக் குறைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, வளைவு விசை நடுவில்தான் அதிகம். 800 மிமீ இடைவெளியைக் குறைக்க முடிந்தால் எல்லாவற்றையும்விட நல்லது, விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிராகப் போகிறது.

பழைய டர்பைன்

இவ்வளவு செலவு எதற்கு? இன்வெர்ட்டரில் 1200 வைத்து ஓட்டுங்கள். 20 சதவிகித இடைவெளி விட்டால் போதும் என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம்.

அச்சாணி

காற்று போதுமென்றால் நானும் அதையே சொல்வேன். 1200-இல் தள்ளல் இரண்டு மடங்கு பெருகும், அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் போல்ட்டுகள் தளர்ந்தால் கிரிட்டிக்கல் 1460-இலேயே நிற்காது, கீழே இறங்கி வரும். மாதம் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

விசிறிக்காரன்

1200-இல் காற்று பத்தாது. இரண்டையும் செய்துவிடுகிறேன். 730-ஐ விட்டுவிட்டீர்களே.

அச்சாணி

கப்ளிங்குக்கும் இம்பெல்லருக்கும் கீவே நீளமாக வெட்டியிருக்கிறீர்களா? 730 என்பது 1460-இல் சரிபாதி. கீவே வெட்டிய ஷாஃப்ட் ஒரு திசையில் கொஞ்சம் அதிகம் வளையும், இன்னொரு திசையில் கொஞ்சம் குறைவாக. கிடையாக ஓடும்போது ஒரு சுற்றில் இரண்டு முறை அதன் தொய்வு மாறும். ஆகவே பாதி வேகத்தில் ஓடும்போது அது கிரிட்டிக்கலைத் தட்டி எழுப்பும். மூன்றாமாண்டு சொன்ன தொய்வு உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இதுதான். செங்குத்தாக நிறுத்தினால் இந்த மேடு நிஜமாகவே மறைந்துவிடும்.

வெண்கலம்

கப்ளிங் சரியாக நேர்ப்படாவிட்டாலும் சுற்றுக்கு இரண்டு முறை தட்டுமே. அதுவும் 730-இல் இதே மேட்டைத்தான் எழுப்பும். கீவேதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அச்சாணி

இப்போதைக்குச் சொல்ல முடியாது. கப்ளிங்கைத் திரும்ப நேர்ப்படுத்திவிட்டு ஒருமுறை ஓட்டி, பிறகு 1500-இலிருந்து தானாக நிற்கவிட்டுப் பதியுங்கள். மேட்டின் உயரம் குறைந்தால் கப்ளிங். அசையாமல் இருந்தால் கீவே பக்கம் போவோம்.

விசிறிக்காரன்

கீவே இம்பெல்லர் அடியில் 120 மிமீ நீளத்துக்கு இருக்கிறது. புது ஷாஃப்ட் கடைசலுக்குக் கொடுத்திருக்கிறேன். அது வருவதற்குள் பழையதை வைத்தே கப்ளிங்கை நேர்ப்படுத்தி ஓட்டிப் பதிவைப் போடுகிறேன். விரிசலை வெல்டர் பார்த்த பிறகுதான்.